பள்ளத்தில் விழுந்த ஃப்ளோரைடு

திண்டுக்கல்லில் எங்கள் குடிநீர் ஆய்வுக்கூடத்திற்கு, தண்ணீரில் கரைந்த உப்புகளைப் பிரித்து அளக்கும் அயன் குரோமடோகிராஃப் வந்தபோது, இனிமேல் தவறே நடக்காது என்று மேலதிகாரி உரையாற்றினார். இயந்திரத்திற்கு உரை கேட்கும் வசதி இல்லை.

சோடியம் கார்பனேட் கலந்த கரைசல் ஒன்று தண்ணீர் மாதிரியைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகும். ஃப்ளோரைடு முதலில் வெளியே வரும். குளோரைடு, நைட்ரேட், சல்ஃபேட் எல்லாம் வரிசையாகப் பின்னால். கடைசியில் இருக்கும் மின்கடத்துத்திறன் அளவிக்கு யார் எவர் என்று தெரியாது. மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பது மட்டும் தெரியும். கரைசலே நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால் அந்தக் கூச்சலில் ஃப்ளோரைடின் குரல் கேட்காது. அதற்குத்தான் அளவிக்கு முன்னால் சப்ரஸர். அது சோடியத்தை வெளியேற்றி ஹைட்ரஜனைக் கொடுக்கும். கார்பனேட் கார்பானிக் அமிலமாகி ஏறக்குறைய வாயை மூடிக்கொள்ளும். ஃப்ளோரைடும் மற்றவையும் ஹைட்ரஜனோடு சேர்ந்து உரக்கப் பேசும்.

எங்கள் சப்ரஸர் மின்சாரத்தில் வேலை செய்வது. உள்ளே கரைசல் ஓடாமல் மின்சாரம் மட்டும் பாய்ந்தால் அதன் சவ்வு கருகிவிடும். ஆகவே பம்பும் சப்ரஸரும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். நான் கொடைரோட்டில் ஒரு கல்யாணத்திற்குப் போயிருந்தபோது, மேலதிகாரி தம் கணினிக்கு யூபிஎஸ் வேண்டுமென்று பம்பின் பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் செருகச் சொல்லிவிட்டார். வழக்கம்போலக் கரண்ட் போனது. பம்பு நின்றது. சப்ரஸர் மட்டும் விசுவாசமாக வேலை பார்த்துக் கருகியது.

திரும்பி வந்து பார்த்தால், மாதிரி எதுவும் இல்லாமல் கரைசல் மட்டும் ஓடும்போது அளவி வரையும் அடிக்கோடு, வழக்கமாக இருபது மைக்ரோசீமென்ஸுக்குள் கிடப்பது, நூற்றைத் தாண்டி நின்றது. அந்த நேரம் பார்த்து வடமதுரைப் பக்கத்து மாணவியர் விடுதியின் புது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வந்திருந்தது. விடுதிப் பொறுப்பாளரான கன்னியாஸ்திரி எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதுவரை பிள்ளைகள் லாரித் தண்ணீருக்குக் குடம் பிடித்தார்கள்.

மாதிரியைச் செலுத்தினேன். தாளில் ஃப்ளோரைடு வர வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பள்ளம். மேலதிகாரி எட்டிப் பார்த்தார்.

"ஃப்ளோரைடே இல்லையே! அருமையான தண்ணி. அப்படியே எழுதிக் குடுத்து அனுப்பும்யா."

"அது தண்ணியோட பள்ளம் சார். கரைசலை விடத் தண்ணி கம்மியாக் கடத்தும்ல, அதனால முதல்ல கோடு இறங்கும். இப்ப அடிக்கோடு ஏறிக் கெடக்குறதால பள்ளமும் ஆழமாயிருச்சு. பக்கத்துல வந்த ஃப்ளோரைடு அதுக்குள்ள விழுந்து கெடக்கு."

"விழுந்ததை யார் பாத்தா?"

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று, அனுமதித்த அளவுக்கு நான் ஃப்ளோரைடு கரைத்து வைத்திருந்த ஸ்டாண்டர்டையே செலுத்திக் காட்டினேன். அதுவும் காணாமல் போனது.

"அப்ப உம்ம ஸ்டாண்டர்டு கெட்டுப்போச்சு," என்றார். அவரிடம் எதற்கும் விடை இருந்தது.

மாதிரியிலும் ஸ்டாண்டர்டிலும் அந்தக் கார்பனேட் கரைசலையே கொஞ்சம் கலந்து மறுபடி செலுத்தினேன். பள்ளம் தூர்ந்தது, ஃப்ளோரைடு தலை தூக்கியது, மாதிரியில் ஸ்டாண்டர்டை விட உயரமாக. ஆனால் அடிக்கோடு வரம்புக்குள் இல்லாமல் எண் எழுதக் கூடாது என்பது விதி. அந்த விதியை நடைமுறைப் புத்தகத்தில் எழுதியவன் நான். ஃப்ளோரைடை மட்டும் அளக்கும் மின்முனையை வைத்து அளக்கலாம் என்றால், எங்கள் மின்முனை பழுதுபார்க்கப் போய், போன இடமே தெரியவில்லை. இல்லை என்று எழுதினால் பொய். இவ்வளவு என்று எழுதினால் விதிமீறல்.

பெஞ்சுக்குப் போனேன்.

"குடிக்கலாமா சார்? அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

"நானா இருந்தா குடிக்க மாட்டேன் சிஸ்டர்."

"அத எழுதிக் குடுங்க. வாய் வார்த்தைய வச்சு எங்க மதர்கிட்ட என்ன சொல்றது? போரு போட்டுக் குடுத்த புண்ணியவான் ஞாயித்துக்கெழமை தெறந்து வைக்க மாலையோட வாரார்."

சாத்தியமான ஒன்றைத்தான் எழுதினேன்: 'கருவி தகுதி வரம்பில் இல்லை. ஃப்ளோரைடு அளக்கப்படவில்லை. அளக்கும்வரை குடிநீராகப் பயன்படுத்த வேண்டாம்.' மேலதிகாரி கையெழுத்திட மறுத்தார், நானே போட்டேன். பலனாக எனக்கு விடுப்பு கிடையாது, உபகரணக் கொள்முதல் கோப்பு வேலை மட்டும் உண்டு என்றானது. புது சப்ரஸர் கேட்டு நான் எழுதியவையெல்லாம், பழையது ஏன் கெட்டது என்று விளக்கம் கேட்டு என்னிடமே திரும்பி வந்தன. விளக்கத்தில் அவர் கணினியைக் குறிப்பிட்டால் கோப்பு அவர் மேஜையைத் தாண்டாது. குறிப்பிடாவிட்டால் விளக்கம் போதாது.

வடமதுரை வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் விடுதி வாசலில் குடங்கள் வரிசையில் நின்றன. நான் மறுபக்க ஜன்னலில் உட்காரப் பழகினேன்.

சப்ரஸர் ஒருவழியாக வந்தது. அடிக்கோடு படிந்தது. விடுதித் தண்ணீரை மறுபடி வரவழைத்துச் செலுத்தினேன். ஃப்ளோரைடு ஒளிவுமறைவின்றி நின்றது, அனுமதித்த வரம்புக்கு மேலே. அறிக்கையை சிஸ்டர் நின்றபடியே வாசித்தார்.

"அப்ப எங்களுக்கு லாரிதானா?"

"ஆமா சிஸ்டர்."

"இத்தன மாசமும் லாரி. இனியும் லாரி. நீங்க என்னத்த சார் கண்டுபிடிச்சீங்க?"

அறிக்கையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, லாரி வரும் நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.