நான் திரும்ப எடுத்துக்கொள்ளாத விண்ணப்பம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் ஆபீசில் நானும் இன்னொருவரும் ஒரே நாளில் குமாஸ்தாக்களாகச் சேர்ந்தோம். எனக்கு இங்கிலீஷ் கடிதங்களும் டைப்பும். அவருக்கு ஆவாரம்பட்டை, சுண்ணாம்பு இருப்புக் கணக்கு. ஆறு மாதம் புரொபேஷன், வேலை திருப்தியானால் நிரந்தரம் என்று உத்தரவில் இருந்தது. ஆறு மாதம் முடிந்து மழைக்காலமும் போய்விட்டது. சம்பளம் வந்துகொண்டிருந்தது. நிரந்தரமா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு வேலூரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் ஒன்றுதான் கேட்டார்: “வேலை பர்மனெண்டா? எழுத்துல இருக்குதா?”

இருவருமாக எழுதிக் கேட்போம் என்று கூடச் சேர்ந்த நண்பரிடம் சொன்னேன்.

“வாணாம் தோஸ்த். லண்டன்ல தோல் விலை ரொம்பக் கம்மியாப் போச்சு. இப்ப போய்க் கேட்டா இன்னா சொல்வாங்களோ” என்றார்.

நான் மட்டும் எழுதினேன். சேர்ந்த தேதி, புரொபேஷன் முடிந்த தேதி, என் வேலையில் இதுவரை யாரும் குறை சொல்லாதது, ஆகவே நிரந்தரமாக்கியதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியது. மேனேஜர் கையில் கொடுத்தேன்.

இரண்டொரு நாளில் முதலாளி கூப்பிட்டார். என் விண்ணப்பம் அவர் முன்னால் இருந்தது.

“உன் வேலைல குறை இல்ல. ஒரு குமாஸ்தா போதும்னு மெட்ராஸ் கூட்டாளி சொல்லிட்டாரு. நான்தான் பதில் சொல்லாம தள்ளிக்கிட்டு வந்தேன். இது ஃபைலுக்குப் போனா முடிவு எழுதியே ஆவணும். எழுதினா ஒருத்தருக்குத்தான், அது உனக்குத்தான். இல்லேன்னா இதை எடுத்துக்கிட்டுப் போ, ரெண்டு பேரும் இப்டியே இருங்க. எத்தனை நாளுன்னு என்னால சொல்ல முடியாது.”

காகிதத்தை அவர் என் பக்கமாக நகர்த்தினார். நான் தொடவில்லை.

“இருக்கட்டும் ஐயா” என்றேன்.

மறுநாள் மேனேஜர் இரண்டு கடிதங்களை டைப் செய்யக் கொடுத்தார். என்னுடையதை ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். நண்பருக்கு ஒரு மாத நோட்டீஸ். அதில் இரண்டு காகிதம் பாழாயிற்று.

கடிதத்தை வாங்கியவர் நேரே என்னிடம் வந்தார். “நமக்கு இங்லீஷ் அவ்ளோவா வராது. படிச்சுச் சொல்லு தோஸ்த்.”

தமிழில் சொன்னேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, “உனக்கு இன்னா வந்துது?” என்றார்.

“நிரந்தரம் பண்ணிட்டாங்க.”

“நல்லதாப் போச்சு. கல்யாணம் நின்னுடுமோன்னு எனக்குப் பேஜாரா இருந்துது.”

பெண்ணின் தகப்பனார் என் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு முகூர்த்தம் குறித்தார்.

நண்பருக்கு வாலாஜாபேட்டையில் ஒரு அரிசி மண்டியில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் கம்மி. இருந்தும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தியில் நான் அவர் இலைக்கு முன்னால் நின்றபோது, முதலாளி விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்தியதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் பாயசம் போடச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டேன்.