யார் செய்வது என்று எழுதாத குறிப்பு

ஒரே வேலையை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதைக் கல்யாணத்தோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. ஒப்பிடக் கூடாது. குறிப்பு எழுதி வைத்துவிட்டு வாரத்தில் பாதி நாள் காணாமல் போகிற வசதி கல்யாணத்தில் கிடையாது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் முன்மேசை எங்களுடைய பகிர்வு. திங்கள், செவ்வாய் முழு நாளும், புதன் பிற்பகல் இரண்டு மணி வரையும் நான். புதன் பன்னிரண்டு மணியிலிருந்து சனி மாலை வரை அந்தப் பெண். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை இருவரும் ஒரே மேசையில் இருப்போம். யார் எந்த நாளுக்கு டயாலிசிஸ் நாற்காலி மாற்றிக் கேட்டார், யாருடைய ரத்தப் பரிசோதனை வரவில்லை, யாரை வேன் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்றெல்லாம் கைமாற்றிவிட அந்த இரண்டு மணி நேரம்.

நான் பூச்சோங்கிலிருந்து வருவேன். என் நகைச்சுவைக் கட்டுரைகளை வெளியிட்டுவந்த மாத இதழ் நின்றுபோன பிறகு எனக்கு அரை வேலை போதுமென்று உலகம் முடிவு செய்திருந்தது. அந்தப் பெண் கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயிலில் வருவாள். அவளுக்கு அரை வேலைதான் சாத்தியம். புருஷனுக்கு ஸ்ட்ரோக். திங்கள், செவ்வாய் பிசியோதெரபி, புதன் காலை மருத்துவமனை. அந்த நேரங்களில் அவனைத் தூக்கி உட்காரவைக்க அவளைத் தவிர ஆள் கிடையாது. மற்ற நேரங்களில் நாத்தனார் பார்த்துக்கொள்வாள்.

கைமாற்றுக் குறிப்பு நோட்டில் அவள் எழுதுவது தந்தி மாதிரி இருக்கும். ‘12ஆம் நாற்காலி மெஷின் சத்தம். டெக்னீஷியன் நாளை.’ நான் எழுதுவது, வெட்கத்தோடு சொல்கிறேன், வாசகரை நினைத்து எழுதப்பட்டது. நின்றுபோன இதழ் என் நோட்டில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒரே வாசகி. அவள் சிரிப்பாள். இருபது வருஷம் எழுதியும் எதிரே உட்கார்ந்து சிரித்த வாசகரை நான் பார்த்ததில்லை. அதனால் புதன்கிழமைகளில் குறிப்பை அவளிடம் கொடுப்பதை விட்டு, நானே வாசித்துக் காட்ட ஆரம்பித்திருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு அங்கிள் வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். செவ்வாய், வியாழன், சனி அவருடைய நாட்கள். சனிக்கிழமை ஈப்போவில் பேத்தி கல்யாணம். சனிக்குப் பதில் வெள்ளி காலை செய்துகொள்ள முடியுமா என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி அவர் கொடுத்த வர்ணனையைக் கேட்டு மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். வெள்ளிக்கிழமை நாற்காலிகளை ஒதுக்குகிற சிஸ்டர் அன்று விடுப்பு. புதன் முழுவதும் பயிற்சி. வியாழன் வந்துதான் பட்டியல் போடுவார்.

“வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வந்துடுங்க அங்கிள்,” என்றேன்.

நோட்டில் முக்கால் பக்கம் எழுதினேன். மாப்பிள்ளையின் மாமன் வந்தார், அவருடைய மீசை வந்தது, கடைசி வரியில் ‘வெள்ளி காலை வரச் சொல்லிவிட்டேன்’ என்று முடிந்தது. புதன் பகல் அதை வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அடுத்த குறிப்புக்குப் போனோம். வியாழன் அன்று சிஸ்டரைப் பிடித்து நாற்காலி வாங்க வேண்டியது அவள் என்று நான் நினைத்தேன். வரச் சொல்லியாகிவிட்டது என்றால் நாற்காலியும் வாங்கியாகிவிட்டது என்று அவள் நினைத்தாள். இரண்டு பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு அங்கிள் வந்து நின்றார். எல்லா நாற்காலியிலும் ஆள். மாலை ஷிப்டில் ஒரு இடம் தருவதாக சிஸ்டர் சொல்லியிருக்கிறார். பகல் பன்னிரண்டு மணிக்கு ஈப்போ கார் கிளம்புகிறது, ஒரு நாள் தவறினால் செத்தா போய்விடுவேன் என்று அவர் போய்விட்டார். ஞாயிறு அதிகாலை மூச்சு முட்டி ஈப்போ மருத்துவமனையில் சேர்த்தார்கள். உடம்பில் தங்கிய தண்ணீர் நுரையீரலுக்கு ஏறியிருந்தது. அங்கேயே டயாலிசிஸ் செய்து பிழைக்கவைத்தார்கள்.

ஈப்போ செய்தியைத் திங்கள் காலை சிஸ்டர் சொன்னார்; வெள்ளிக்கிழமை நடந்தது நோட்டைத் திறந்தபோது தெரிந்தது. வழக்கமான தந்தி நடையில் அவள் எழுதியிருந்தாள். கடைசி வரி மட்டும் கொஞ்சம் நீளம்: ‘மேனேஜர் சனிக்கிழமை கேட்டார். நான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.’

பதினோரு மணிக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அதிர்ந்து பேசாத அம்மா. ரெண்டு பேர் ஒரு வேலையைப் பார்த்தால் நடுவில் ஏதாவது விழத்தான் செய்யும், முழு நேரத்துக்கு ஒருவரே இருக்கட்டும் என்று மேலிடத்தில் பேசியிருக்கிறாராம். அந்தப் பெண்ணால் முழு நேரம் வர முடியாது, தப்பும் அவளுடையது. அதனால் முழு வேலையும் எனக்கு. யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசித்தேன் என்பதுதான் இதில் கேவலமான பகுதி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். குறிப்பில் எழுதித்தானே இருந்தது, வாசித்தும் காட்டினேனே என்று எனக்கு நானே வக்கீலாக நின்றேன். செவ்வாய் சாயங்காலம், சாட்சிக்காக, அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மீசைக்கு ஆறு வரி கொடுத்திருந்தேன். நாற்காலி என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பாதியில் சிரித்துவிட்டார். எனக்கு அது உதவவில்லை. முடித்ததும் கேட்டார்:

“சரி. இதுல சிஸ்டர்கிட்ட யார் பேசணும்னு எங்க இருக்கு?”

“இல்ல மேடம். நான் எழுதல. தப்பு என்னோடது.”

“அந்தப் பொண்ணு தன்னோடதுன்னு சொன்னாளே?”

என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்து, கொஞ்சம் உருகியும் இருந்தேன்.

புதன் பன்னிரண்டு மணிக்கு அவள் பையை மேசைக்கு அடியில் வைத்ததும் நடந்ததைச் சொன்னேன். நன்றியை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். அவள் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“உங்களக் காப்பாத்த நான் சொல்லலண்ணே. எனக்கு நெஜமாவே தெரியல. ரெண்டு ராத்திரி தூங்கல. நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன்.”

“நீ கேட்டிருக்கலாம்லமா, சேருக்கு சிஸ்டர்கிட்ட சொல்லியாச்சான்னு.”

“கேட்கலாம்னுதான் இருந்தேன். நீங்க அடுத்த கதைக்குப் போயிட்டீங்க. நடுவுல நிறுத்தினா உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆகும் லா.”

என் மூஞ்சியைப் பற்றி ஒரு விமர்சகர் சொன்ன மிகச் சரியான வாக்கியம் அது.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேனேஜர் வந்து நின்றார். மூன்று மாதம் இப்படியே ஓடட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். நோட்டில் இனி ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார், எப்போதைக்குள் என்று இருக்க வேண்டும், புதன்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதம் கழித்து என்ன என்று அவள் கேட்டாள். “தெரியலமா,” என்றார் மேனேஜர்.

அந்தப் பதிலோடு அவள் சனிக்கிழமை வரை அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் ஒன்பது வரி எழுதினேன், ஒரு வரியில்கூட ஆள் இல்லாமல் விடவில்லை. அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பி விரல் வைத்துப் படித்தாள். நான்காவது வரியில் விரல் நின்றது.

“இதுக்கு ரெண்டு பேர் பேரும் போட்டிருக்கீங்க.”

“ரெண்டு பேரும் பாத்துக்கலாம்னு.”

“அப்டின்னா யாரும் பாக்க மாட்டோம்ணே,” என்றாள். என் பெயரை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.