புல்லி ஆறும் வரை

எனக்குப் பொறுமை கிடையாது. பீர்மேட்டுப் பக்கம் சின்னத் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர் நான். முதலாளி விட்டுவிட்டுப் போன தேயிலை மலையில், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் செடிகளைப் பங்கிட்டுக் கொழுந்து கிள்ளி எங்களிடம் அரைக்கக் கொண்டுவருவார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. கொழுந்து கெட்டால் அன்றைய பாடு அத்தனையும் வீண்.

அன்று மழையில் கிள்ளிய ஈரக் கொழுந்து வாட்டும் தொட்டி நிறையக் கிடந்தது. அடியிலிருந்து காற்று ஊதும் விசிறியின் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. காற்றில்லாமல் குவிந்து கிடந்தால் கொழுந்து தானே சூடேறிச் சிவந்து கெட்டுப்போகும். மாற்று மோட்டார் இருந்தது. பெல்ட் ஓடும் வார்ப்பிரும்புப் புல்லிதான் எரிந்த மோட்டாரின் ஷாஃப்டில் துருவேறி இறுகிப்போயிருந்தது. வேறு புல்லி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

புல்லியைப் பிடித்திருந்த சின்னத் திருகாணியைக் கழற்றினேன். இழுத்துக் கழற்றும் மூன்று கால் புல்லரை விளிம்பில் மாட்டினால் வார்ப்பு உடையும் என்று, ஷாஃப்ட் நுழையும் நடுக்குடத்துக்குப் பின்னால் கொடுத்து முறுக்கினேன். அசையவில்லை. துரு இளக ஊற்றியிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு வெல்டரைக் கூப்பிட்டேன். அவன் என் மனைவியின் தம்பி.

"குடத்தைச் சுத்தி மட்டும் தீயக் காட்டு மாப்ளே. ஷாஃப்ட் சூடாவக் கூடாது."

குடம் மட்டும் சட்டென்று சூடேறினால் விரிந்து கழன்றுவிடும். அவனோ பயந்து பயந்து சிறு தீயில் ஒரே இடத்தில் காட்டினான். நானும் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சூடு உள்ளே இறங்கி ஷாஃப்டும் சேர்ந்து விரிந்துகொண்டது. புல்லர் முனகியது, அவ்வளவுதான். முழுவதும் ஆறினால்தான் மறுபடி பார்க்க முடியும்.

பெண்கள் கொழுந்தைத் தரையில் பரப்பிக் கையால் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இடம் போதவில்லை; மீதி தொட்டியிலேயே கிடந்தது. மனைவி ஒரு வாளியோடு வந்தாள்.

"ஏங்க, தண்ணி ஊத்துனா வெரசா ஆறிரும்லா?"

"வெடிச்சிரும். அப்புறம் புல்லியே இருக்காது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. ஒரு பக்கம் இரும்பு ஆற மாட்டேன் என்கிறது, மறுபக்கம் கொழுந்து சூடாகிக்கொண்டே போகிறது. நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போய்ப் புரட்டிக் கொடுக்கலாம் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறியதும் ஷாஃப்டில் ஈரத்துணி சுற்றினோம். புல்லரை இறுக்கி வைத்து, இந்த முறை பெரிய தீயைக் குடத்தைச் சுற்றிலும் விடாமல் காட்டச் சொன்னேன். 'டப்' என்றது. புல்லி நகர்ந்தது. மச்சினன் சிரித்துவிட்டான்.

புது மோட்டாரில் ஏற்றி விசிறியைப் போட்டேன். காற்று சீறிக்கொண்டு தொட்டிக்குள் ஏறியது. அழுகிய பழ வாடை முகத்தில் அடித்தது. மனைவி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். செம்பு நிறம்.

"நல்லா ஓடுது" என்றாள் என்னிடம். பிறகு வாளியில் கை கழுவப் போனாள்.