சவுரிராயனின் நாலு மணி

காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் சவுரிராயனின் கட்டில் மெல்ல மிதந்தது. மேலே சுற்றிய மின்விசிறி வட்டம் வட்டமாகப் பிரிந்து, அவர் வேலை பார்க்கிற, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் லேபின் கண்ணாடித் தட்டுகளாக ஆனது. ஒவ்வொரு தட்டிலும் கிருமி படர்ந்திருக்க, மருந்துப் பொட்டுகளைச் சுற்றி மட்டும் தெளிவான வளையங்கள் விழுந்திருந்தன. எந்த மருந்துக்குக் கிருமி பயப்படுகிறதோ, அதைச் சுற்றி வளையம் அகலமாக இருக்கும். அவர் ஸ்கேலை எடுத்து அளக்கப் போவார். கையைத் தூக்கினால் ஊசி இழுக்கும். மறுபடியும் கட்டிலுக்கே வந்துவிடுவார்.

இருபத்தாறு வருஷமாக அவருக்கு இதே பிழைப்பு. திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரத்தில் இறங்கி, ஆஸ்பத்திரியின் அடித்தளத்துக்குப் போனால், சாயங்காலம்தான் வெயிலைப் பார்ப்பார். மேலே வார்டில் இருப்பவர்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. நம்பர்தான் தெரியும். அளவு எடுத்தால் ஒரு நூல் பிசகாது. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

கர்வத்தோடு ஒரு சட்டமும் வைத்திருந்தார். காலை ஒன்பது மணிக்கே தட்டுகளை அளந்துவிடுவார், ஆனால் முடிவு நாலு மணிக்குத்தான் மொத்தமாக மேலே போகும். எப்போதோ ஒருமுறை போனில் சொன்னதை வார்டில் யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள். பழி இவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து தாளில் எழுதி டிரேயில் வைப்பதோடு சரி, நாலு மணிக்குக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அவசரம் என்றால் அவர்களே கேட்கட்டுமே என்பார். யார் கேட்பார்கள்? கேட்டால் மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

சனிக்கிழமை மதியம் லேபிலேயே குளிர் தூக்கிப் போட்டது. மேலே வார்டில் சேர்த்து, சிறுநீரகத்தில் கிருமி என்றார்கள். எந்தக் கிருமி என்று தெரியும்வரை எல்லாவற்றையும் அடிக்கிற பெரிய மருந்தாக, எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நரம்பில் ஏற்றினார்கள். இன்று திங்கள். இடது கை நரம்பு வீங்கிவிட்டதால் ஊசி வலது கைக்கு மாறியது. அதுவும் சிவந்துபோய் எரிந்தது. அடுத்த பாட்டில் இரண்டு மணிக்கு. அவருடைய தட்டு ஒன்பது மணிக்கே பேசியிருக்கும். தாளோ நாலு மணிக்குத்தான் வரும். தான் போட்ட சட்டம் தன் கையிலேயே எரிந்தபோது சவுரிராயனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போன் பண்ணவில்லை. தனக்கென்று வந்ததும் சட்டத்தை வளைப்பதா என்று வீம்பு.

"நர்சம்மாவ கூப்பிடட்டா? கை எப்படி வீங்கிக்கினு இருக்குது பாருங்க" என்றாள் மனைவி இருதயமேரி.

"நாலு மணி ஆவட்டும்."

பதினொரு மணிக்கு மருந்தாளுநர் அஸ்வினி பட்டியலோடு வந்தாள். இரண்டு நாளுக்கு மேல் பெரிய மருந்து ஓடுகிறவர்களை எல்லாம் தினமும் பார்த்து, சின்ன மருந்தாகக் குறுக்க முடியுமா, மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் சொல்வது அவள் வேலை. பக்கத்துக் கட்டில் பாண்டுரங்கனிடம் நின்றாள். அவர் கண்டமங்கலத்துக் கொத்தனார், தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர். அவருக்கும் சிறுநீரில்தான் கிருமி.

"காய்ச்சல் விட்டு மூணு நாளாச்சு. நல்லா சாப்புடுறீங்க, வாந்தி இல்ல. மாத்திரைக்கு மாத்திடலாம். எந்த மாத்திரைன்னு கல்ச்சர் சொல்லணும், அதான் இன்னும் வரல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாண்டுரங்கனுக்கு இரண்டு கையிலும் நரம்பு அகப்படாமல், ஊசி பாதத்தில் குத்தியிருந்தது. பாத்ரூம் போவதற்குள் படாதபாடு படுவார்.

"கீழ லேப்ல ஒரு ஆளு இருக்காராம் சார்" என்று சவுரிராயன் பக்கம் திரும்பினார். "அவரு பாத்து சொன்னாத்தான் இவங்க மாத்துவாங்களாம். பொறுமையா பாக்குறாரு போல. பாக்கட்டும், ஜல்தில பண்ணா தப்பாயிடும்ல. நானும் செவுரு கட்டுறவன்தானே, எனக்குத் தெரியாதா."

சவுரிராயன் அவர் பக்கம் ஒருக்களித்துப் படுத்தார். "என்னிக்கு அட்மிட் ஆனீங்க?"

"வியாழக்கிழமை சார். அன்னிக்கே மூத்திரம் புடிச்சு குடுத்துட்டேன்."

வியாழன் கொடுத்தால் வெள்ளி வளரும், சனி காலை வளையம் அளக்கலாம். சனி காலை. கட்டில் மறுபடி மிதந்தது. நடுங்கும் விரலில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டை அளந்தது ஞாபகம் வந்தது. எழுதினார். டிரேயில் வைத்தார். நாலு மணிக்கு ஏற்றலாம் என்று. நாலு மணிக்கு அவரே இந்தக் கட்டிலில் கிடந்தார்.

எரிகிற கையாலேயே போனை எடுத்தார். லேபில் இருந்த ஜூனியர் புகழேந்தி எடுத்தான்.

"என் மேசை டிரேல சனிக்கிழமைத் தாள் இருக்கா பாரு. பாண்டுரங்கன்னு பேரு."

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "இருக்குது சார். நீங்க எழுதுனதுதான். நான் புதுத் தட்டுங்களைத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"லேப் டாக்டர் ராஜாமணி மேடம் கிட்ட கையெழுத்து வாங்கி இப்பவே ஏத்து. வார்டுக்கும் போன் பண்ணு. எழுதிக்கினவங்கள திருப்பிப் படிக்கச் சொல்லி கேளு. என்னோடதும் ரெடியா இருந்தா சேத்து அனுப்பு." அவன் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

அரை மணியில் அஸ்வினி வார்டு டாக்டர் இசைவாணியையே கூட்டிக்கொண்டு வந்தாள். பாண்டுரங்கனின் கிருமி சாதாரண சல்பா மாத்திரைக்கே அடங்குகிற கிருமி. சல்பா ஒத்துக்கொள்ளுமா, சிறுநீரக டெஸ்ட் எப்படி என்று பார்த்துவிட்டு, "ஊசிய எடுத்துடலாம். மாத்திரையோட இன்னைக்கே வீட்டுக்குப் போலாம்" என்றார் டாக்டர்.

பாண்டுரங்கனுக்குச் சந்தேகம். "பாட்டில் ஏத்துனதுக்கு மாத்திரை ஈடாவுமா மேடம்?"

"இது வயித்துல இருந்து நல்லா ரத்தத்துல ஏறும். பாட்டிலுக்குக் கொறச்சல் இல்ல. மிச்ச நாளுக்கும் விடாம முழுங்கணும், அவ்வளவுதான்."

சவுரிராயனுக்குக் காய்ச்சல் இன்று காலைதான் இறங்கியது, அதனால் மாத்திரை இல்லை. பெரிய மருந்தை நிறுத்திவிட்டு, அவர் கிருமிக்குப் போதுமான சின்ன மருந்தை, ஒரு நாளைக்கு ஒரே ஊசியாக மாற்றினார்கள். நாளைக்கும் காய்ச்சல் வராவிட்டால் மாத்திரை. இரண்டு மணி பாட்டில் ரத்தானது. சந்தோஷப்பட வேண்டியவர் பக்கத்துக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாண்டுரங்கன் சட்டையை மாட்டிக்கொண்டு, பாதத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே" என்றார் சவுரிராயன். "கீழ லேப்ல இருக்கிற அந்த ஆளு நான்தான். உங்க முடிவு சனிக்கிழமை காலைலயே தெரியும். நாலு மணிக்கு அனுப்பலாம்னு வச்சேன். வச்சதோட சரி. என்னாலதான் ரெண்டு நாளு உங்களுக்கு இந்த அவஸ்தை."

இருதயமேரி புருஷனையே பார்த்தாள். பாண்டுரங்கன் தன் வீங்கிய கைகளை ஒருதரம் பார்த்துக்கொண்டார். திட்டுவார் என்று சவுரிராயன் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"என்னுது ஒண்ணுதான் அங்க இருந்திச்சா சார்?" என்று கேட்டார் பாண்டுரங்கன்.

சவுரிராயனுக்குச் சுரீர் என்றது. அதை அவர் நினைக்கவே இல்லை. மறுபடி போனை எடுத்தார்.

"புகழேந்தி, டிரேல வேற தாள் இருக்கா?"

"அதைச் சொல்லத்தான் சார் கூப்புட்டுக்கினே இருக்கேன், லைன் கெடைக்கல. இன்னும் அஞ்சு இருக்குது."

அஸ்வினி பட்டியலைத் திருப்பிப் பேனாவை எடுத்தாள். புகழேந்தி ஒவ்வொரு பேராகப் படித்தான், சவுரிராயன் திருப்பிச் சொன்னார். நம்பர் வேண்டாம், பேர் சொல்லு என்று அவரே கேட்டிருந்தார். பையைத் தோளில் மாட்டிய பாண்டுரங்கன், கண்டமங்கலம் பஸ்ஸை விட்டுவிட்டு, அஞ்சாவது பேர் வரைக்கும் அங்கேயே நின்றார்.