பூட்ஸுக்குள் போகாத பெருவிரல்

இது நூற்றுக்கு நூறு நடந்த கதை. சரி, எண்பது. மீதி இருபது, சொல்லும்போது வாயிலிருந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளுங்கள்.

தீயணைப்பு நிலையத்தில் ஏணி ஏறுகிறவனுக்குத் தொட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் ஏறினால் ஏணி அழுமாம், கட்டடம் தள்ளி நிற்குமாம். அதிகாரி கெடு வைத்தார்: ஐந்து வாரத்தில் பத்து கிலோ குறைத்து, மறுநாள் ஏணியும் ஏறிக் காட்ட வேண்டும். தவறினால் ஏணியை விட்டுவிட்டு, தீ விபத்து அழைப்புகளை எடுக்கும் போன் அறை. தொட்டிக்கு ஏணியை விட்டால் வேறு பிழைப்பே தெரியாது.

முதல் நாள் ரத்தப் பரிசோதனையில், ஏழுக்குள் இருக்க வேண்டிய யூரிக் அமிலம் ஒன்பதைத் தாண்டியிருந்தது. தண்ணீர் நிறையக் குடி, ஈரல் வேண்டாம், இல்லாவிட்டால் மூட்டு வீங்கும் என்றாள் நர்ஸ். கிழவன் வியாதி என்று சிரிப்பார்களே என்று சீட்டை மடித்து ஹெல்மெட்டுக்குள் செருகிவிட்டான்.

புரதம்தான் கொழுப்பைக் கரைக்கும் என்று நிலையத்துச் சமையல்காரர் தினமும் தட்டு நிறைய ஈரல் வைத்தார். சோற்றை அடியோடு நிறுத்தினான், இரவில் பட்டினி கிடந்தான். எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய நாள், வண்டி டிரைவர் காதில் ஓதினார்:

“சொட்டுத் தண்ணி குடிக்காதடா. எடை முள்ளு தானா இறங்கும்.”

இறங்கியது. பத்தரை கிலோ. எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை வலது பெருவிரல் தக்காளி மாதிரி வீங்கிச் சிவந்திருந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது. பூட்ஸை மாட்ட மூன்று பேர் இழுத்தார்கள். தொட்டி போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்கள் வீடு மாறின. ஏணி சாத்தியபடியே நின்றது.

டாக்டரம்மா காலைத் தொடவில்லை, பார்த்தார்.

“வேகமா இளைச்சீங்க, பட்டினி வேற, ஈரல் வேற, தண்ணியும் இல்ல. யூரிக் அமிலம் மூட்டுல உப்பா படிஞ்சிருச்சு. இனிமே வாரத்துக்கு அரைக்கிலோ போதும். புரதத்துக்கு முட்டை, கொழுப்பு நீக்குன பால், தயிர், பருப்பு சாப்பிடுங்க. கோழி கொஞ்சமா. ஈரல், பீர் ரெண்டையும் மறந்துடுங்க.”

“இன்னைக்கு ஏணி ஏறணும் டாக்டர்.”

“இன்னைக்கு பாத்ரூம் போறதே பெருசு.”

அதிகாரி போன் அறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விரல் பத்து நாளில் தணிந்தது. கையெழுத்து அப்படியே இருக்கிறது.

நான் கதையை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தபோது, நிலையத்துச் சாப்பாட்டு மேசையில் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஈரல் நான் வச்சேன். தண்ணிய நிறுத்தச் சொன்னது எந்த வாய்?”

“அஞ்சு வாரம் ஊட்டி வளத்துட்டு, ஒரு நாள் தண்ணிக்கு என்னைய சொல்றீங்களாண்ணே?” என்று டிரைவர் எழுந்தார்.

“அந்தச் சீட்ட ஒளிச்சது தொட்டிதானே,” என்றான் பூட்ஸை இழுத்தவர்களில் ஒருவன். இப்போது இருவரும் அவன் பக்கம் திரும்பினார்கள், நாற்காலி ஒன்று சாய்ந்தது.

அடுத்த அறையில் தொட்டி ஒரு காதில் போனையும் மறு காதில் விரலையும் வைத்துக்கொண்டு, எங்கே எரிகிறது என்று மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.