இரண்டு கொம்புள்ள நாற்கொம்பு மான்

மேட்டூர்ப் பக்கத்துக் காட்டில் விலங்குகளைத் தானாகப் படமெடுக்கும் கேமராவைக் கட்டப்போன என் மகள் பாறையில் சறுக்கி வலது கையை முறித்துக்கொண்டாள். அந்தச் செய்தி போனில் வந்ததிலிருந்து, எந்த போன் அடித்தாலும் ஓடிப்போய் எடுக்கிறேன். அவளோ மாவுக்கட்டோடு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். தனியே விட மனமில்லாமல் திருச்செங்கோட்டிலிருந்து நானும் கூடப் போனேன். வனவிலங்குக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் அவள் சொல்லச் சொல்ல மவுஸை நகர்த்துவதும் தட்டச்சு செய்வதும் என் வேலை.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து விலங்கின் பெயர் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அறிக்கையில் ஏறும். புள்ளிமானை நானே சொல்லிவிடுவேன். குட்டியானாலும் கிழடானாலும் உடம்பில் வெள்ளைப் புள்ளி இருக்கும்.

அன்று வந்த படத்தில் புள்ளியே இல்லை. கரும்பழுப்பு உடம்பு, அகலக் காது, கிளை விடாத இரண்டு நேர்க்கொம்பு. திட்டத் தலைவர் அதற்கு நாற்கொம்பு மான் என்று ஏற்கெனவே பெயர் போட்டிருந்தார். அபூர்வ விலங்கு கிடைத்துவிட்டதென்று மேலிடத்துக்கும் சொல்லியாகிவிட்டது. மகளின் ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி.

அவள் ஒப்பவில்லை. கடமானின் இளங்கிடா என்றாள். முதல் கொம்பு கிளையில்லாமல்தான் முளைக்குமாம். தலைவர் எங்கள் மேசைக்கு வந்து, முன்னால் இருக்கும் இரண்டு கொம்பும் சிறியவை, படத்தில் தெரியாது என்றார். அவள் கொம்பைப் பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினேன். நுனிவரை மெல்லிய ரோமத்தோல் போர்த்தியிருந்தது. உதிர்ந்து முளைக்கும் வகைக் கொம்பு வளரும்போதுதான் அது இருக்கும், நாற்கொம்பு மானின் கொம்பு உதிராதது, அதில் ஒருநாளும் இருக்காது என்றாள். பிறகு அதே கேமராவில், அதே இடத்தைக் கடந்துபோன வனக்காவலரின் படத்தைப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். விலங்கின் முதுகு அவர் இடுப்புக்கு வந்தது. நாற்கொம்பு மான் வளர்ந்து நின்றாலும் தொடையைத் தாண்டாது.

தலைவர் படங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏனுங்க, கை வேற இப்படி. அடுத்த வருசமும் வேலை வேணுமில்லீங்க? நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க."

இந்த வேலையே வேண்டாமென்று வீட்டில் எத்தனையோ முறை அவளோடு மல்லுக்கு நின்றவள் நான். அதை நான் சொல்லலாம். இவர் சொல்ல முடியாது.

"கை ஒடிஞ்சது அந்தக் கேமராவைக் கட்டப்போய்த்தானுங்க," என்றேன். "அதுல விழுந்த படத்துக்குப் பொய்ப் பேரு போட மாட்டாளுங்க. நானும் அடிக்க மாட்டேன்."

அவர் வேறு ஆளை வைத்துப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார்.

"சொல்லுங்க. அவங்களுக்கும் ரெண்டு கொம்புதானுங்க தெரியும்," என்றேன்.

"கடமான், ஆண், இளசு. அடிங்கம்மா," என்றாள் மகள்.

எழுத்துப் பிழை வராமல் அடித்துப் பதிவு செய்தேன். அவர் இன்னும் பக்கத்திலேயே நின்றிருந்தார். அடுத்த படத்தைத் திறந்தேன்.