நடுவில் கிடந்த என் கடிதம்

எங்கள் அலுவலகத்தில் வெளியே போகிற மெயில்களுக்கு ஒரு காவல்காரி இருந்தார். நிர்வாக உத்தியோகத்தர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், சொந்த மூத்த சகோதரியைக் கூப்பிடுவதுபோல. நாவிதன்வெளிப் பக்கத்து வயல் வட்டைகளில் வேளாண்மை செய்கிற பெண்களுக்கு விதைநெல்லும் பயிற்சியும் கொடுக்கிற சின்ன நிறுவனம் அது. அந்தப் பெண்களின் அடையாள அட்டை இலக்கம், வீட்டுச் சண்டை, விட்டுப் போன புருசன் எல்லாம் எங்கள் மெயில்களில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். வெளியாள் யாராவது விபரம் கேட்டால் ராத்தா பழைய மெயிலை அப்படியே அனுப்ப விடமாட்டார். புதிதாக ஒன்றைத் திறந்து, கேட்டதற்கு மட்டும் பதில் எழுதச் சொல்வார். கட்டாயம் பழையதைத்தான் அனுப்ப வேண்டுமென்றால், கீழே மூன்று புள்ளிக்குள் மடங்கிக் கிடப்பதை விரித்து, கடைசி வரி வரை வாசித்து, வேண்டாததை வெட்டு என்பார். போனில் அனுப்பவே விடமாட்டார். போனில் அந்த மடிப்பு கண்ணில் படாது, ஆனால் போகிறபோது எல்லாம் சேர்ந்துதான் போகும். நாங்கள் அவரைக் கத்தரிக்கோல் என்று பகிடி பண்ணுவோம்.

நான் அங்கே கள உத்தியோகத்தர். வேலை என்றால் எனக்கு உயிர். ஸ்கூட்டியில் மாவடிப்பள்ளி தாண்டிப் போகும்போது வரம்பில் நிற்கிற பெண்கள் கைகாட்டிக் கூப்பிடுவார்கள். அலுவலகக் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

அப்படி ஓடித் திரிந்த காலத்தில்தான் மாதம் நிறையுமுன் வயிற்றில் இருந்த என் பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு நான் வீட்டுக்குள்ளேயே அடைந்து போனேன். லீவு முடிந்தும் போகவில்லை. மேலாளர் ராத்தாவுக்கும் எனக்கும் ஆங்கிலத்தில் ஒரு மெயில் போட்டார். இந்த மாவட்டத்தில் இவரைப்போல் களவேலை செய்கிறவர் இல்லை, வரும்வரை இடத்தை வைத்திருங்கள் என்று. அதை வாசித்து அழுதேன். அதற்கே பதில் போட்டேன், ராத்தாவுக்கு மட்டும், தமிழில். வாசற்படி தாண்ட ஏலாமல் இருக்கிறது, முச்சக்கர வண்டிச் சத்தம் கேட்டால் ஆஸ்பத்திரிக்குப் போன நாள்தான் வருகிறது, நித்திரைக் குளிசை போட்டும் நித்திரை இல்லை, இனி நான் வட்டைப் பக்கம் வரமாட்டேன் போல என்றெல்லாம் எழுதினேன். என்னைக் கட்டிய மாப்பிள்ளைக்கும் சொல்லாதது அதில் இருந்தது. அதை அனுப்பிய அன்று பின்னேரமே ராத்தா முச்சக்கர வண்டி பிடித்து வந்துவிட்டார். வருகிறேன் என்று ஒரு சொல் சொல்லவில்லை. என் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டுப் போனார்.

மெல்ல மெல்ல எழும்பினேன். இன்ன திகதி வேலைக்கு வருகிறேன் என்று அந்த மெயிலுக்கே மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி ராத்தாவுக்கு அனுப்பினேன். வந்தேன். ஸ்கூட்டியை எடுத்தேன். அதன்பின் இரண்டு போகம் முழுக்க வயலும் நானுமாகத்தான் திரிந்தேன்.

பிறகு எங்கள் திட்டம் முடிந்தது. கொழும்பில் இருக்கிற ஒரு நிறுவனம் எங்கள் கிழக்குக் கரையில் வேலை தொடங்கப் போகிறது, தமிழ் பேசும் பெண் விவசாயிகளோடு வேலை செய்யக் கள ஒருங்கிணைப்பாளர் தேவை என்று விளம்பரம் வந்தது. எனக்கென்றே வந்த வேலை என்று எல்லாரும் சொன்னார்கள். விண்ணப்பித்தேன். அவர்கள் என் சேவைக்காலத்தையும், விண்ணப்பத்தில் நான் குறிப்பிட்ட அந்த நீண்ட லீவையும் உறுதிப்படுத்தச் சொல்லி ராத்தாவுக்கு எழுதியிருக்கிறார்கள்.

நேர்முகத்துக்குக் கொழும்பு போனேன். மூன்று பேர் இருந்தார்கள். களவேலை பற்றிக் கேட்பார்கள் என்று பார்த்தால், என் உடம்பு எப்படி, நித்திரை வருகிறதா என்று கேட்டார்கள். நடுவில் இருந்த பெண் முன்னால் ஒரு தாளை வைத்திருந்தார். தமிழ் எழுத்து. ராத்தாவுக்கு நான் எழுதிய வரிகள். தான் எழுதியதை ஒருவருக்குத் தலைகீழாகவும் வாசிக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அந்தப் பெண் நல்லவர். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு பேச்சுப் பேசிவிட்டு எழும்பி வந்திருப்பேன். அவர் குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்.

“உங்கள இன்னும் கஷ்டப்படுத்த எங்களுக்கு விருப்பமில்ல. கல்முனை ஆபீசுக்குள்ளயே ஒரு வேலை இருக்கு. வெளியால போகத் தேவையில்ல. அத உங்களுக்குத் தரலாம்.”

இப்போது சரியாகிவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அந்த நடுக்கமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

ஊருக்கு வந்து நேரே ராத்தாவிடம் போனேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அனுப்பிய மெயிலைக் கணினியில் திறந்து காட்டினார். மேலாளர் என்னைப் புகழ்ந்தது அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். அந்த வரி அடியில் கிடந்தது. நான் வேலைக்கு வந்த திகதி உச்சியில் இருந்தது. ஆகவே புதிய மெயில் எழுதாமல் அதையே அனுப்பியிருக்கிறார். சம்பளத்தை வெட்டியிருந்தார், அடையாள அட்டை இலக்கத்தை வெட்டியிருந்தார், லீவுக்காக இணைத்திருந்த டொக்டரின் கடிதத்தைக் கழற்றியிருந்தார். ஆங்கிலத்தில் இருந்த ஆகாதது எல்லாம் போயிருந்தது. நடுவில் என் கடிதம் ஓர் எழுத்துக் குறையாமல் அப்படியே இருந்தது.

“தமிழ்தானே புள்ள, கொழும்பில அத ஆரு வாசிக்கப் போறாங்கண்டு விட்டுட்டன்,” என்றார்.

தமிழ்ப் பெண்களோடு வேலை செய்ய ஆள் தேடுகிற இடத்தில் தமிழ் வாசிக்க ஓர் ஆள் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு மட்டுமா? நாங்கள் எல்லாருமே அப்படித்தான். வேலைக்கு ஆங்கிலம், மனதில் கிடப்பதைக் கதைக்கத் தமிழ். தமிழில் எழுதிவிட்டால் அது வீட்டுக்குள் பேசிய பேச்சு, வெளியே கேட்காது என்று ஒரு நம்பிக்கை. அதை அப்போது நினைக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

“ஊராக்கள்ட விசயத்தையெல்லாம் வெட்டத் தெரிஞ்ச உங்களுக்கு, எண்ட விசயத்த மட்டும் வெட்டத் தெரியாமப் போச்சா?”

ராத்தா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிறுவனத்துக்கு நான் எழுதி விளக்கட்டுமா என்று கடைசியாகக் கேட்டார். நீங்கள் இனி என்னைப் பற்றி யாருக்கும் ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கதிரை வேலையை எடுத்தேன். வேறு வழி இருக்கவில்லை. கள ஒருங்கிணைப்பாளராக வந்த பெண் கெட்டிக்காரி. காலையில் அவள் ஸ்கூட்டியை எடுக்கிற சத்தம் கேட்கும்போது நான் யன்னலைப் பார்ப்பதில்லை. ராத்தாவும் நானும் ஒரே ஊரில்தான் இருந்தோம். பெருநாளைக்கு ஒரு வாழ்த்து வரும், நானும் ஒன்று அனுப்புவேன். கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. போனபிறகும் போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தது.

போன வருசம் உம்மா மௌத்தானார். ஜனாஸா அடக்கியபின் ராத்தாவிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. “இன்னாலில்லாஹி. நான் வந்தால் உங்களுக்குப் பரவாயில்லையா?”

என்னை ஒருநாளும் ‘நீங்கள்’ என்று சொல்லாதவர். கேட்டுவிட்டு வராதவர். கட்டாயம் வாங்க ராத்தா என்று எழுதினேன். வந்தார். பாயில் என் பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டு இருந்தார். உம்மாவுக்குத் துஆ கேட்டார், பிளேன்டீ குடித்தார், மழை பற்றிக் கதைத்தார். எல்லாவற்றையும் அவரிடம் கொட்ட வேண்டும்போல எனக்கு இருந்தது. நித்திரை வருகிறதா என்று அவர் ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். போகும்வரை அவர் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.